சளிக்கு வீட்டு வைத்தியம்: தெரிந்தது எது, வழக்கு எது?

மார்கழி பிறந்துவிட்டால் திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரங்களில் சளியும் இருமலும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. தறியில் அமர்ந்திருப்போர் தும்முவர். வயலில் விடியற்காலைப் பனியில் நிற்போர் இருமுவர். உடனே அடுப்பில் பால் ஏறும். மஞ்சள் தூள் விழும். இவ்வட்டாரத்தில் தமிழ் பேசும் வீட்டிலும் தெலுங்கு பேசும் வீட்டிலும் இதற்கு வேற்றுமை கிடையாது. ஒருவர் மஞ்சள் என்பதை மற்றொருவர் பசுப்பு என்பார். ஒருவருடைய மிளகு ரசம் மற்றொருவருக்கு மிரியால சாரு. வைத்தியம் ஒன்றேதான்.

2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய போது மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகமும் மஞ்சள் பாலைப் பரிந்துரைத்தது. 150 மில்லிலிட்டர் சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கலந்து, நாளொன்றுக்கு ஒரு வேளையோ இரு வேளையோ அருந்தலாம் என்பது அதன் குறிப்பு. இவ்வாறு பாட்டியின் சொல்லும் அரசின் சொல்லும் ஒன்றாகிவிட்டபடியால், இவ்வைத்தியங்களில் எவை சோதித்து அறியப்பட்டவை, எவை வெறும் வழக்கு என்பதை அங்கத்தினர்கள் பிரித்துணர்வது நலம் எனக் கருதி, இங்கே சிலவற்றை எடுத்துக் கொள்கிறோம்.

தானே தணியும் நோய்

சாதாரணச் சளி வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அது உச்சத்தை அடையும். பின்னர் படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலோருக்கு ஏழு முதல் பத்து நாட்களில் தானே நீங்கும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் நிற்கலாம்.

இந்த ஓர் உண்மையை மனத்திற் கொள்ளாவிடில் வீட்டு வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் தீர்மானிக்க இயலாது. ஏனெனில், மக்கள் மருந்தைத் தேடுவது நோய் உச்சத்தில் உள்ள மூன்றாம் நாளில்தான். அன்று எதைக் குடித்தாலும் ஐந்தாம் நாள் சற்றுக் குணம் தெரியும். அப்புகழ் கடைசியாகக் குடித்த பொருளுக்குச் சேரும். வெந்நீர் மட்டும் குடித்திருந்தாலும் அதே ஐந்தாம் நாளில் அதே குணம் கண்டிருக்கக் கூடும். ஆகவே, “எனக்குக் கேட்டது” என்னும் ஒருவர் சாட்சி போதாது. மருந்து உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

மஞ்சள் பால்

மஞ்சளின் நிறத்திற்கும் குணத்திற்கும் காரணமாகச் சொல்லப்படுவது குர்க்குமின் என்னும் பொருள். மஞ்சள் தூளில் இது ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு இருக்கும். அரைத் தேக்கரண்டித் தூள் சுமார் ஒன்றரை கிராம் எனக் கொண்டால், ஒரு தம்ளர் பாலில் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 45 மில்லிகிராம் குர்க்குமின்.

அது உடலில் எவ்வளவு சேரும்? இதற்கு விடை பெங்களூரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998 இல் வெளியிட்ட ஒரு சோதனையில் உண்டு. நல்ல உடல்நலமுள்ளவர்களுக்கு 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குர்க்குமினை அவர்கள் தனியாகக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் அது காண இயலாத அளவிலோ, மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. பின்னர் மிளகிலுள்ள பைப்பரின் என்னும் காரப்பொருளில் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடல் ஏற்றுக்கொண்ட அளவு இருபது மடங்கு உயர்ந்தது. அவ்வுயர்வும் முதல் ஒரு மணி நேர அளவில் காணப்பட்டதேயாகும்.

இருபது மில்லிகிராம் பைப்பரின் சுமார் எட்டு, பத்து மிளகிலேயே அடங்கிவிடும். ஆகவே, மஞ்சள் பாலில் மிளகைப் பொடித்துப் போடும் நம் வீட்டு வழக்கத்திற்குக் காரணம் உண்டு என்றே சொல்லலாம். ஆனால் மறுபக்கத்தையும் காண வேண்டும். பெங்களூரில் கொடுக்கப்பட்ட குர்க்குமின் அளவைப் பால் மூலம் பெற வேண்டுமானால் நாற்பதுக்கு மேற்பட்ட தம்ளர்கள் அருந்த வேண்டியிருக்கும். மேலும், இரத்தத்தில் சேர்ந்தது என்பதும் நோயைத் தீர்த்தது என்பதும் ஒன்றல்ல. அச்சோதனை அளந்தது முன்னதை மட்டுமே. மஞ்சள் பால் சளியின் நாட்களைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சோதனை இல்லை.

அப்படியானால் அதைக் குடித்தவுடன் காணும் சுகம் பொய்யா? பொய்யன்று. அதன் பெரும்பகுதி சூட்டினால் வருவது. பிரிட்டனில் கார்டிப் பல்கலைக்கழகத்தார் 2008 இல் சளி கொண்ட 30 பேருக்குப் பழப் பானம் ஒன்றைச் சூடாகவும், சூடின்றியும் கொடுத்துப் பார்த்தனர். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர், அசதி ஆகிய அனைத்தும் உடனே தணிந்ததாகத் தோன்றியது. சூடின்றிக் குடித்தவர்களுக்கு முதல் மூன்று மட்டுமே தணிந்தன. ஆனால் மூக்கில் காற்று செல்லும் அளவைக் கருவியால் அளந்தபோது மாறுதல் இல்லை. அடைப்பு அப்படியே இருந்தது, உபத்திரவம் குறைந்தது. சுக்குக் காப்பிக்கும் மிளகு ரசத்திற்கும் இதுவே பொருந்தும் எனக் கொள்ளலாம்.

பால் குடித்தால் சளி கட்டும் என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தார், சளிக் கிருமி செலுத்தப்பட்ட 60 பேரின் மூக்குச் சளியை நாள்தோறும் எடைபோட்டுப் பார்த்து, 1990 இல் முடிவை வெளியிட்டனர். அதிகம் பால் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் சுரக்கவில்லை. பால் எச்சிலுடன் கலந்து தொண்டையில் சற்றே திண்மையாகத் தோன்றுவதையே மக்கள் சளி என எண்ணுகின்றனர். எனவே சளி பிடித்த குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பூண்டு

சமையலறைப் பொருள்களில் சளிக்கென்றே முறையாகச் சோதிக்கப்பட்டது பூண்டு. இங்கிலாந்தில் நடந்து 2001 இல் வெளியான அச்சோதனையில் 146 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் குளிர்காலத்தில் பன்னிரண்டு வாரம் நாள்தோறும் பூண்டுக் குளிகை உண்டனர்; மற்றவர் அதே தோற்றமுள்ள வெறுங் குளிகை உண்டனர். பூண்டு உண்டவர்களுக்கு 24 முறையும், மற்றவர்களுக்கு 65 முறையும் சளி கண்டது. இது பெரிய வேற்றுமையே. ஆயினும் சளி வந்த பின் குணமாக இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே காலம் ஆயிற்று.

இக்கணக்கை எவ்வளவு நம்பலாம்? சளி வந்ததா என்பதைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதியவர்கள் உண்டவர்களே. பூண்டு உண்டவர்களுக்கு ஏப்பத்தில் வாடை தெரியும். எனவே தாம் எப்பிரிவு என்பதைச் சிலர் ஊகித்திருக்கக் கூடும். 2014 இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தேடியபோது, தகுதியுள்ளதாகக் கண்டது இந்த ஒன்றையே. ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கூற இயலாது என்றே அது எழுதியது. ஆகவே, பூண்டு சளி வராமல் தடுக்கலாம், இன்னும் நிறுவப்படவில்லை. வந்த சளியை விரைவில் போக்கும் என்பதற்கோ ஆதாரமில்லை.

பூண்டைப் பக்குவம் செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் வீரியப் பொருளான அல்லிசின் முழுப் பல்லில் இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அதிலுள்ள இரு பொருள்கள் கலந்தே அது உண்டாகிறது. சூடு பட்டால் அதை உண்டாக்கும் பொருள் கெட்டுவிடும். ஆகவே முழுப் பற்களைப் பாலிலிட்டு வேக வைக்கும் பூண்டுப் பாலில் அல்லிசின் அநேகமாக இராது. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து, ரசத்தை இறக்கும் தறுவாயில் சேர்ப்பதே ஓரளவு பலன் தரும். பச்சைப் பூண்டை அரைத்துக் குழந்தையின் மார்பிலோ பாதத்திலோ கட்டக் கூடாது. தோல் வெந்து கொப்புளிக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் பச்சைப் பூண்டை மிகுதியாக உண்ணுதல் ஆகாது.

வெங்காயம்

வெங்காயத்தை அறுத்து அறையில் வைத்தால் கிருமிகளை அது இழுத்துக்கொள்ளும் என்றும், பாதத்தில் கட்டினால் காய்ச்சல் இறங்கும் என்றும் கூறுவர். 1918 ஆம் ஆண்டு தோன்றிய விஷஜுரத்தின் போது வெங்காயம் வைத்த வீடு தப்பியதாக ஒரு கதையும் உலவுகிறது. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என மக்கள் நம்பிய காலத்தில் பிறந்த எண்ணம் இது. கிருமி காற்றில் மிதந்து வெங்காயத்தை நாடிச் செல்வதில்லை. உயிருள்ள உடலுக்குள்ளேயே அது பெருகும். மறுநாள் வெங்காயம் கறுத்திருப்பது காய்ந்ததாலும் பூஞ்சை பிடித்ததாலுமே.

சின்ன வெங்காயத்தை மென்றால் மூக்கு ஒழுகி இலேசாவது உண்மை. கண்ணைக் கரிக்கும் அதே ஆவி மூக்கையும் கரிப்பதால் நீர் வடிகிறது. அது சிறிது நேரச் சுகம். நோய் நீக்கம் அன்று.

தேனும் ஆவியும்

இருமலுக்குத் தேன் தருவது வழக்கத்துடன் சோதனையும் ஒத்துப்போகும் ஓரிடம். அமெரிக்காவில் 105 குழந்தைகளிடம் நடத்தி 2007 இல் வெளியிட்ட சோதனையில், படுக்கைக்கு அரை மணி முன் தேன் பெற்ற குழந்தைகள், ஒன்றும் பெறாதவர்களைவிட இரவில் குறைவாக இருமினர். பிற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தோரும் இவ்வாறே கூறினர்; பலன் மூன்று நாள் அளவுக்கே தெரிகிறது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பச்சிளங் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தைக்குச் சேனை என்று நாவில் தேன் தடவும் வழக்கத்தை இதன் பொருட்டு விட்டுவிட வேண்டும்.

ஆவி பிடித்தலும் சிறிது நேரச் சுகமே. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து சிறுவர் வெந்து போவது அதன் அபாயம். கற்பூரத்தைக் குழந்தையின் மூக்கில் தடவுவதும் உள்ளே கொடுப்பதும் வலிப்பை உண்டாக்கக் கூடும்.

அடுப்பங்கரையை விட்டு எழ வேண்டிய நேரம்

இவ்வைத்தியங்களால் வரும் பெருங்கேடு அவற்றை உண்பதில் இல்லை. அவற்றை நம்பி நாளைக் கழிப்பதில்தான் உள்ளது. குழந்தைக்குச் சளியென்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கையில் அது நிமோனியாவாக இருக்கலாம். குழந்தை அமைதியாயிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் எனின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் எண்ணிப் பார்க்கவும் தாமதிக்கலாகாது.

பெரியவர்களுக்கு இரண்டு வாரம் கடந்தும் இருமல் நின்றால், அல்லது சளியில் இரத்தம் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். காசநோய்க்கான இச்சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியால் வரும் இருமல்தானே என்று நெசவாளர் இதனைத் தள்ளிப் போடுவர். தூசி இருமலையும் காசநோய் இருமலையும் காதால் கேட்டுப் பிரித்தறிய எவராலும் இயலாது. சோதனைக்குப் போகும் நாளிலும் காலையில் மிளகிட்ட மஞ்சள் பால் அருந்தலாம், அதற்குத் தடையில்லை. அதைக் காரணமாக்கிச் சோதனையை மறுநாளுக்குத் தள்ளுவதே கூடாதது.