‘தகவல்’ யார் தந்தது?

2016 டிசம்பர் 5, மாலை. ஜெயலலிதா மறைந்துவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் செய்தி வெளியிட்டன. அ.தி.மு.க. தலைமையகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்போலோ மருத்துவமனை அதை மறுத்து, சிகிச்சை தொடர்வதாக அறிவித்ததும் கொடி மீண்டும் மேலேறியது. இரவு 11.30க்கு அவர் காலமானார் என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகே வந்தது.

இத்தகைய நேரத்தில் செய்தி மேசைக்குக் கைகொடுப்பவை ‘கூறப்படுகிறது’, ‘எனத் தகவல்’ போன்ற சொற்கள். ‘கூறப்படுகிறது’ என்றால் கூறியவர் யார்? அந்த வினை ஆளை மறைத்துவிடுகிறது. ‘மருத்துவமனை கூறுகிறது’ என்று எழுதினால் யாரை நம்புகிறோம் என்பதாவது தெரியும்.

இன்னொரு சிக்கல் தமிழ் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஐயம் முழுவதும் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. ‘காலமானதாக’ என்பதிலுள்ள ‘ஆக’வைக் கண் தாண்டிவிடும், ‘காலமான’ மட்டும் மனத்தில் தங்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்த வாலும் அறுந்துவிடுகிறது. ‘தகவல்’ என்ற சொல்லையோ பலர் உறுதியான செய்தி என்றே படிக்கிறார்கள். ‘மருத்துவமனை இன்னும் உறுதிசெய்யவில்லை’ என்று முதலிலேயே எழுதினால் ஐயம் அறுபடாது. ஆனால் அவசரச் செய்தியில் அப்படித் தொடங்க எந்த ஆசிரியருக்கும் மனம் வருவதில்லை.