திரை விலகும் நேரத்தில் என்ன சொல்வது?

சிதம்பரம் நடராசர் பற்றி 14 நிமிடக் காணொளி ஒன்று. நன்றாக எடுத்திருந்தார்கள். அதன் ஒலியை மட்டும் பிரித்து, காலையில் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் கேட்கும்படி ஒரு பகுதியாக்கித் தர வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் முதலில் செய்தது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டதுதான். எங்கெல்லாம் 'என்ன இது?' என்று போனைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதோ, அந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொண்டேன். வேலை முழுவதும் அந்தக் குறிப்புகளில்தான் இருந்தது.

முதல் சிக்கல் நான்காம் நிமிடத்தில் வந்தது. "இதோ, இந்தக் கையைப் பாருங்கள், படைத்தல். அந்தக் கையில் அழித்தல். கீழே பாருங்கள், யார் கிடக்கிறார்?" என்று பேசுபவர் சொல்கிறார். படத்தோடு கேட்டால் அழகு. படம் இல்லாவிட்டால் எந்தக் கை, எது கீழே என்று ஒன்றும் விளங்காது. 'இந்த', 'அந்த', 'இங்கே' என்ற சுட்டுச் சொற்களைப் படம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அவற்றை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

"நடராசருக்கு நான்கு கைகள். பின்னால் உயர்ந்திருக்கும் வலக்கையில் உடுக்கை. அதே உயரத்தில் பின் இடக்கையில் தீ. முன் வலக்கை உள்ளங்கையைக் காட்டி 'அஞ்சாதே' என்கிறது. முன் இடக்கை, யானையின் துதிக்கைபோல மார்புக்குக் குறுக்கே வந்து, தூக்கிய இடக்காலைச் சுட்டுகிறது. வலக்கால் முயலகன் முதுகில் ஊன்றி நிற்கிறது."

இதில் ஒழுங்கு முக்கியம். எத்தனை கை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக ஒரே வழியில் இறங்க வேண்டும். தலைக்கும் காலுக்கும் மாறி மாறித் தாவினால் கேட்பவர் மனத்தில் உருவம் உடைந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதும்போது உடுக்கை நம் இடப்பக்கம் தெரியும். அப்படியே 'இடது' என்று எழுதிவிட்டால் கோயிலுக்குப் போய்ப் பழகியவர் உடனே முகம் சுளிப்பார். வலமும் இடமும் எப்போதும் சுவாமிக்கு உரியவை. இதைக் காகிதத்தின் மேலேயே எழுதி ஒட்டிக்கொண்டேன்.

அடுத்தது சிதம்பர ரகசியம். திரை விலகுவதை அந்தக் காணொளியில் ஓவியமாகக் காட்டியிருந்தார்கள். பேச்சு இல்லை, மணியோசை மட்டும். காதால் கேட்பவருக்கு எங்கோ மணி அடிக்கிறது, அவ்வளவுதான். மணிக்கு மேலேயே விளக்கத்தை ஏற்றினால் இரண்டும் கெடும். அதனால் சொல்லை முன்னால் வைத்தேன். "திரை விலகப் போகிறது. உள்ளே சிலை இல்லை. பொன்னால் செய்த வில்வ மாலைகள் தொங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் வெறும் வெளி." அதன் பிறகு மணி. காணொளியில் காட்சியும் ஓசையும் ஒன்றாக வரலாம். ஒலியில் சொல் முந்தினால்தான் ஓசைக்குப் பொருள் வரும்.

எல்லா இடத்தையும் பேச்சால் நிரப்பக் கூடாது. ஓதுவார் அப்பர் தேவாரம் பாடும் இடத்தில் கோபுரங்களை வானத்திலிருந்து காட்டியிருந்தார்கள். அந்தக் கோபுரங்களை நான் விவரிக்கவே இல்லை. யார் பாடியது, எந்தத் தலத்தில் என்று முன்பே ஒரு வரி சொல்லிவிட்டுப் பாட்டை விட்டுவிட்டேன். பாட்டின் மேல் பேசுவது பக்தி நிகழ்ச்சியில் செய்யவே கூடாத காரியம் என்பது என் உறுதியான கருத்து.

எழுதிய புதிய வரிகளை மட்டும் தனியாகப் பதிந்து ஒட்டினோம். அது ஒட்டவில்லை. அறை வேறு, அன்றைய குரல் வேறு. நடுவில் யாரோ வந்து பேசுவதுபோல் இருந்தது. கடைசியில் அந்தந்தப் பத்தியை முழுவதுமாகவே மறுபடி பேச வைத்தோம்.

பிறகு நகரப் பேருந்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். தம்புரா காணாமல் போயிருந்தது. எஞ்சின் இரைச்சல் தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடுகிறது. குரலைத் தழைத்து உருக்கமாகச் சொன்ன இடங்களும் கேட்கவில்லை, அதே சமயம் நாகசுரம் காதைக் குத்தியது. மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டினால் குத்துவதுதான் கூடும். தாழ்ந்த பேச்சை உயர்த்தி, நாகசுரத்தை இறக்கி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்தோம். முடிவில் -16 LUFS அளவில் நிறுத்தினோம். தேரோட்டப் பதிவில் இருந்த வாகன ஹாரனையும் வெட்டினோம். வண்டி ஓட்டுபவர் அதை நிஜம் என்று எண்ணித் திரும்பிப் பார்ப்பார்.

காணொளியின் தொடக்கத்தில் இருந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டேன்: "கண்களை மூடி நினைத்துப் பாருங்கள்." பக்தி ஒலிப்பதிவு செய்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், அந்த வரியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். கேட்பவர் அப்போது பைக்கில் போய்க்கொண்டிருக்கலாம்.