கணக்குப்பெட்டியின் அடிப்பலகை

நண்பர் ஒருவர் தேக்கில் செய்த கணக்குப்பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். செட்டிநாட்டு வீடு ஒன்றில் இருந்தது, 150 வருடப் பழசு என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். சாய்வான மூடி, கறுத்த மரம், பச்சை பூத்த பித்தளைப் பூண்கள், இடுக்கெல்லாம் அழுக்கு. கூடத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த அழுக்குதான் எனக்கு உறுத்தியது. கணக்குப்பெட்டியைப் புழங்கிய விதத்தை நினைத்துப் பாருங்கள். கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு அமர்வார். பெட்டி அவருக்கு முன்னால் இருக்கும். எழுதும்போது முன்கை மூடியின் கீழ்விளிம்பில் படியும். அந்த விளிம்பு வியர்வையிலும் எண்ணெயிலும் ஊறி, வழவழவென்று கறுத்திருக்க வேண்டும். மூடியைத் தூக்க விரல் போகும் இடம் தேய்ந்திருக்கும். சாவித்துளையைச் சுற்றிச் சாவிக்கொத்து உரசிய கீறல்கள் இருக்கும். பின்பலகையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அடிப்பலகை மெருகே காணாமல் வறண்டு கிடக்கும். அதாவது, உண்மையான அழுக்கு ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும்தான் இருக்கும். நண்பரின் பெட்டியிலோ முன்விளிம்பு, பின்பக்கம், உட்புறம், அடி எல்லாமே ஒரே பழுப்பு. தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பலகையைத் துடைத்தேன். பஞ்சு உடனே பழுப்பானது. கையழுக்கு பல காலம் இறுகினால் வெறும் தண்ணீருக்கு இவ்வளவு எளிதில் கரையாது. கடுந்தேநீரோ, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலோ பூசினால் புது மரமும் ஒரே நாளில் இப்படிப் பழுத்துவிடும்.

பெட்டியைக் கவிழ்த்தோம். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால்தான் ரம்பத் தடம் எழுந்து தெரியும். அந்தக் காலத்தில் குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று அறுப்பார்கள். ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு மாதிரி என்பதால் கோடுகளின் சாய்வும் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த அடிப்பலகையில் இருந்தவை வளைகோடுகள், அதுவும் சீரான இடைவெளியில். வட்ட ரம்பத்தின் வேலை.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பர்மாவின் அறுவை மில்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே நீராவியால் ஓடும் வட்ட ரம்பங்கள் இருந்தன. செட்டிநாட்டுக்கு வந்த தேக்கில் பெரும்பகுதி பர்மாத் தேக்கு. ஆகவே பார்க்க வேண்டியது தடத்தின் வடிவத்தோடு அதன் புதுமையையும். விரலால் தடவினேன். நார்கள் கூராக நின்று விரலைப் பிடித்தன. பல பத்தாண்டுகள் தரையில் இழுபட்ட பலகையில் அந்தக் கூர் மழுங்கியிருக்கும். சாவித்துளைக்குள் ஊசியால் லேசாகச் சுரண்டியதும் வெளிர்மஞ்சள் மரம் எட்டிப் பார்த்தது. காலத்தால் ஏறிய நிறம் படிப்படியாகக் குறைந்து உள்ளே போகும். இங்கே சாயமும் மரமும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நின்றன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்கப்பலகையில் மரத்தின் வெளிறுப் பகுதியில் பூச்சி குடைந்த சுரங்கங்கள் நீளவாக்கில் பிளந்து, வாய்க்கால் போலத் திறந்து கிடந்தன. பூச்சி வெளியேறும்போது மேற்பரப்பில் சிறு துளைதான் போடும். சுரங்கம் மரத்துக்குள்ளேயே வளைந்து ஓடும். அது திறந்து தெரிகிறது என்றால், பூச்சி அரித்த பிறகு அந்த மரத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள். இடித்த வீட்டு உத்தரமாக இருக்கலாம். அந்தப் பலகையின் மரம் பழசுதான். பெட்டி புதுசு. இந்த வகைப் போலியில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள்.

கடைசியாகப் பித்தளை. நவச்சாரம், உப்பு, வினிகர் இவற்றைக் கலந்து தடவி வைத்தால் சில நாட்களில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். அது பெரும்பாலும் மாவு போல் நிற்கும், நகத்தால் கீறினால் உதிரும். காலம் ஏற்றும் களிம்பு மெல்லிய பழுப்புப் படலமாகத் தொடங்கி, உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும். பச்சை என்றால் ஈரம் தங்கும் இடுக்கில்தான். கை ஓயாமல் படும் இடம் மஞ்சளாகவே மின்னும். நண்பரின் பெட்டியில் கைப்பிடி வளையம்கூட முழுப் பச்சையாக இருந்தது. தினமும் பிடித்துத் தூக்கும் வளையத்தில் எப்படிக் களிம்பு ஏறும்? பூணைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளின் தலையில் துரு இருந்தது, சுற்றியுள்ள மரத்தில் கறையே இல்லை. வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டுத் துருவேறிய இரும்பு, சுற்றியுள்ள மரத்திலும் பெரும்பாலும் கறை விட்டிருக்கும்.

பழைய பலகையைச் சேர்த்து அண்மையில் செய்த பெட்டி என்று நண்பரிடம் சொன்னேன். அவர் கொடுத்தது பழம்பொருளுக்கான விலை.

நீங்கள் வாங்கப் போகும்போது ஒரு டார்ச்சும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முகப்பைப் பார்க்கும் முன் அடியையும் முதுகையும் பாருங்கள். கவிழ்த்துப் பார்க்க விடவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.