வரி எங்கே முறிய வேண்டும்?

பள்ளி ஒன்றின் பொன்விழா மலருக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பள்ளியின் கதையை வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். அவர் கணினியில் அது ஆறு பக்கம். என்னுடைய லினக்ஸ் கணினியில், லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் திறந்தபோது ஏழாம் பக்கத்தின் பாதிவரை ஓடியிருந்தது. பக்கக் கணக்கைக்கூட விட்டுவிடலாம், வரிகளின் கோலம்தான் கண்ணை உறுத்தியது. ஒரு வரியில் இரண்டே சொற்கள், இரண்டுக்கும் நடுவே விரற்கடை அகலத்துக்கு வெள்ளை. அடுத்த வரி நெருக்கமாக இருக்கும், அதற்கடுத்தது மறுபடியும் ஓட்டை. ஒரு முகவரியின் நடுவரி, கடை எழுத்து வலது ஓரத்தைத் தொடும்படி இழுபட்டுக் கிடந்தது.

இப்படி ஒரு கோப்பு வந்ததும் பலரும் செய்வது ஒன்று உண்டு. அசிங்கமாகத் தெரியும் வரியின் முடிவில் என்டர் தட்டுவார்கள், அல்லது சொற்களுக்கு நடுவே கூடுதலாக ஸ்பேஸ் அடித்து ஒப்பேற்றுவார்கள். அந்தப் பக்கம் அந்த நேரத்துக்கு அடங்கிவிடும். ஆசிரியர் ஒரு சொல்லைத் திருத்தியதும் கீழே உள்ள எல்லா வரிகளும் நகரும், தட்டி வைத்த என்டர்கள் வரியின் நடுவில் வந்து நிற்கும். முதல் நாளைவிட இரண்டு மடங்கு வேலை. எனவே கைவேலை கடைசியில்தான். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை ஏன் அப்படி என்பது, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் விளங்கும்.

வேர்டு கோப்பில் வரிகள் கிடையாது. பாராக்கள் உண்டு, எழுத்துருவின் பெயர் உண்டு, இரு ஓரமும் சீராக நிற்க வேண்டும் என்ற கட்டளை உண்டு. எந்தச் சொல்லோடு வரி முடிகிறது என்பதை அந்தக் கோப்பு சேமித்து வைப்பதில்லை. திறக்கும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் தானே கணக்குப் போட்டு வரி பிரிக்கிறது. எழுத்து எவ்வளவு அகலம், எங்கே முறிக்கலாம், சொல்லிடைவெளியை எவ்வளவு நீட்டலாம் அல்லது சுருக்கலாம் என்ற மூன்றும் அந்தக் கணக்கில் வருகின்றன. வேர்டின் 2013 பதிப்பு முதலான கோப்புகள், வரியில் இன்னொரு சொல் நுழையுமானால் இடைவெளிகளைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளும். சுருக்கத் தெரியாத மென்பொருள் அதே சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளி, மீந்த இடத்தை இடைவெளிகளில் கொட்டிவிடும்.

தமிழில் இது ஏன் இவ்வளவு கோரமாகத் தெரிகிறது? யூனிகோடின் வரிமுறிப்பு விதிப்படி தமிழ் எழுத்துகளும் ஆங்கில எழுத்துகளைப் போலத்தான். சொல்லின் நடுவே முறிக்க உரிமை இல்லை, ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் மட்டும் முறிக்கலாம். ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் சிறியவை என்பதால் அங்கே இந்த விதி உறுத்துவதில்லை. நம் மொழி துணைவினையையும் விகுதியையும் ஒட்டிக்கொண்டே போகிறது. தலைமையாசிரியரின் கட்டுரையில் இருந்த ஒரு தொடரைப் பாருங்கள்: ‘ஊரார் கூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.’ மலரின் பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தது, ஒரு பத்தியில் சராசரியாக 16 எழுத்து பிடிக்கும். ‘ஊரார்’ மூன்று எழுத்து, ‘கூடிக்’ மூன்று. ‘கேட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்பதை எண்ணினால் பதின்மூன்று. அது அந்த வரியில் நுழையாது, முழுதாக அடுத்த வரிக்குப் போகும். முதல் வரியில் மிஞ்சுவது ஆறு எழுத்து, ஒரே ஒரு இடைவெளி. மீதிப் பத்து எழுத்தின் அகலம் முழுவதையும் அந்த ஒற்றை இடைவெளிதான் தாங்க வேண்டும். நான் பார்த்த வெள்ளை அதுதான்.

சரி, வரிசைக்கு வருவோம். முதலில் எழுத்துரு. அவர் பயன்படுத்தியது லதா, விண்டோஸோடு வருவது. என் கணினியில் அது இல்லை, ரைட்டர் தானாக வேறொன்றை வைத்துக்கொண்டது. கருவிப்பட்டையில் எழுத்துருவின் பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால், அந்தப் பெயர் கோப்பில் இருக்கிறது, எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு மயிரிழை அகலம் கூடினாலும் ஆறு பக்கம் ஆறரைப் பக்கம் ஆகிவிடும். இருவரிடமும் இருக்கக்கூடிய, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு மாறுவதுதான் வழி. நான் நோட்டோ சான்ஸ் தமிழை வைத்தேன்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. அமைப்பில் Western என்ற பகுதியில் மாற்றிவிட்டு, தமிழ் அசையவே இல்லையே என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழுக்கு உரியது Complex Text Layout என்ற பகுதி, சுருக்கமாக CTL. அது கண்ணில் படாவிட்டால் Tools > Options சென்று மொழி அமைப்பில் அதை இயக்க வேண்டும். பிறகு F11 தட்டி, Default Paragraph Style என்ற பாணியில் எழுத்துருவை மாற்றினால் அதைச் சார்ந்த பாராக்கள் எல்லாம் மாறும். சில பாராக்கள் மாறாமல் முரண்டு பிடித்தால், அவற்றின் மேல் நேரடியாக எழுத்துரு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். Ctrl+M அதைக் கழற்றும், கூடவே தடித்த எழுத்தையும் கழற்றிவிடும். எனவே முழுக் கட்டுரையையும் தேர்ந்தெடுத்து அதை அழுத்திவிடாதீர்கள்.

எழுத்துருவுக்குப் பக்கத்திலேயே மொழி என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் Tamil என்று இருக்க வேண்டும். கர்சரைத் தமிழ்ச் சொல்லில் வைத்தால், கீழே உள்ள நிலைப்பட்டையில் மொழியின் பெயர் தெரியும். அங்கே வேறு மொழியோ None என்றோ இருந்தால், பின்னால் நாம் செய்யப்போகும் சொற்பிரிப்பு வேலையே செய்யாது. எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத குறிகள். Ctrl+F10 அழுத்தினால் சில வெளியே வரும். முகவரி இழுபட்டதற்குக் காரணம் அப்போது தெரிந்தது: ஒவ்வொரு வரிக்கும் Shift+Enter தட்டியிருந்தார். அது பாராவை முடிப்பதில்லை, வரியை மட்டும் முறிக்கிறது. பாரா முடியாததால் அந்த வரியையும் ஓரம் வரை நீட்டலாம் என்று ரைட்டர் எண்ணிக்கொள்கிறது. முகவரி, கவிதை போன்றவற்றை இடது ஓரம் சேர்த்து வைப்பதே சரியான மருந்து. ஓடும் பாராவுக்குள் அந்த முறிவு வந்திருந்தால், Ctrl+H திறந்து Regular expressions பெட்டியை இயக்கி, `\n` என்று தேடி ஒரு ஸ்பேஸ் போட்டு மாற்றலாம்.

இணையத்திலிருந்தும் பிடிஎஃபிலிருந்தும் ஒட்டிய பகுதிகளில் வேறு மூன்று குறிகள் வரும். இரு சொற்களைப் பிரியவிடாமல் பிணைக்கும் இடைவெளி ஒன்று. வரி முறிந்தால் மட்டும் கோடாகத் தெரியும் மென்கோடு ஒன்று. அகலமே இல்லாத, ஆனால் முறிக்க உரிமை தரும் இடைவெளி இன்னொன்று. அதே தேடல் பெட்டியில் அவற்றை இப்படித் தேடலாம்:

```
\u00A0
\u00AD
\u200B
```

முதலாவதைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றுங்கள், மற்ற இரண்டையும் வெறுமையாக. `\u200C` என்பதையும் சேர்த்து அழித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. ‘க்’, ‘ஷ’ இரண்டும் சேர்ந்து ‘க்ஷ’ ஆகிவிடாமல் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் அதைத்தான் போடுகிறார்கள். அழித்தால் எழுத்தே மாறிவிடும்.

இவ்வளவும் ஆன பிறகு என் கையில் இருந்த கட்டுரை ஆறே கால் பக்கம். இழுபட்ட முகவரி சரியாகிவிட்டது, ஓட்டைகள் குறைந்தன. ஆனால் ‘ஊரார் கூடிக்’ அப்படியே இருந்தது. ஏனென்றால் அது எந்தப் பழுதாலும் வந்தது அல்ல. சொல்லை முறிக்க உரிமை கொடுத்தால்தான் அது தீரும்.

இந்திய மொழிகளுக்கான சொற்பிரிப்புப் பட்டியல்களைச் சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கி வெளியிட்டார், அவற்றில் தமிழும் உண்டு. `hyph_ta_IN.dic` என்ற பெயரில் வரும் கோப்பு அது. உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க Tools > Options பகுதியில் Writing Aids திறந்து, அங்குள்ள மொழித்தொகுதிகளில் தமிழுக்கு Hyphenation இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாரா பாணியின் Text Flow பகுதியில் Automatically என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அங்கேயே, அடுத்தடுத்து எத்தனை வரிகள் கோட்டில் முடியலாம் என்ற எண்ணை 2 என்று வைத்தேன். மூன்று கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் பத்தியின் ஓரம் சீப்புப் பல் போல ஆகிவிடும்.

இப்போது அந்த வரி ‘ஊரார் கூடிக் கேட்டுக்கொண்-’ என்று முடிந்து, ‘டிருந்தார்கள்’ கீழே போனது. மேல்வரியில் கோட்டைச் சேர்க்காமல் பன்னிரண்டு எழுத்து, இரண்டு இடைவெளி. வெள்ளை போய்விட்டது. ஆனால் எனக்கு நிறைவில்லை. கண் ‘கொண்’ என்று படித்து நின்று, கீழே இறங்கி ‘டி’யைத் தேட வேண்டியிருக்கிறது. இலக்கண அறிவு இல்லாத பட்டியல் அப்படித்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. ‘கேட்டுக்’ என்பதற்குப் பின் கர்சரை வைத்து Ctrl+- அழுத்தினேன், மென்கோடு விழுந்தது. ‘கொண்டிருந்தார்கள்’ முழுதாகக் கீழே இறங்கியது. மேல்வரி சற்றுத் தளர்ந்தது, ஆனால் வாசிப்பு தடுக்கவில்லை. பட்டியல் இல்லாத கணினியிலும் நீளச் சொற்களில் இப்படிக் கையால் மென்கோடு போடலாம். முறியாத இடத்தில் அது தெரியாது. கோப்பு மறுபடி வேர்டுக்குப் போனாலும் கூடவே போகும், தானியங்கிப் பிரிப்பு போட்ட கோடுகள் போகா.

கையால் பிரிக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ‘கேட்டு’ என்பதை ‘கே-’ என்று நிறுத்தி ‘ட்டு’ என்று தொடங்கினால், வாய்விட்டுப் படிக்கவே முடியாது. ஒற்று தனக்கு முன்னுள்ள எழுத்தோடுதான் நிற்க வேண்டும்.

கட்டுரை முழுவதிலும் அடங்காத வரிகள் நான்கு மிஞ்சின. அவற்றை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியவில்லை. தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஐயா, ‘வந்துசேர்ந்துவிட்டிருந்தனர்’ன்னு ஒரு சொல் இருக்கு. ‘வந்து சேர்ந்துவிட்டிருந்தனர்’ன்னு பிரிச்சுப் போடலாமா?”

“பொருள் கெடலையே தம்பி, பிரிச்சுக்கோங்க. இன்னொண்ணு எது?”

நான்கையும் படித்துக் காட்டினேன். மூன்றில் சொல்லைப் பிரிக்கச் சம்மதித்தார். நான்காவதில் ‘அப்படியே விடுங்க’ என்றார், ஓட்டையோடு விட்டேன். கட்டுரை ஆறு பக்கத்தில் நின்றது. அச்சகத்துக்கு வேர்டு கோப்பையோ ரைட்டர் கோப்பையோ அனுப்பவில்லை. எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் ஒன்றை எடுத்து அனுப்பினேன், வரிகளை இனி யாரும் மறுபடி கணக்குப் போட முடியாதபடி.