ஒரு புள்ளிக்கு ஒரே பரப்பு

பிளேஸ்டேஷன் 3-க்காக 2009-இல் வெளியான ‘கில்சோன் 2’ விளையாட்டில் ஒரே காட்சியில் ஏராளமான விளக்குகள் எரியும். பழைய ‘ஃபார்வர்டு’ முறையில் இது பெரும் சுமை. ஒரு பொருளை வரையும்போதே அதன்மேல் விழும் எல்லா ஒளியையும் கணக்கிட்டு நிறத்தைத் தீட்டிவிடுவது அந்த முறை. பிறகு வரையப்படும் சுவர் அந்தப் பொருளை மறைத்துவிட்டால், செய்த கணக்கு அத்தனையும் வீண்.

அதனால் அந்த விளையாட்டு ‘டிஃபர்டு’ முறையைக் கையாண்டது. முதல் சுற்றில் ஒளியைப் பற்றிக் கவலையே இல்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் கண்ணுக்குத் தெரியும் பரப்பின் நிறம், அது நோக்கும் திசை, தொலைவு ஆகியவை மட்டும் ‘ஜி-பஃபர்’ என்ற நினைவகப் பகுதியில் பதிவாகும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு விளக்கும் தான் எட்டும் புள்ளிகளுக்கு மட்டும் ஒளி சேர்க்கும்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். புள்ளிக்கு ஒரு பரப்புக்குத்தான் இடம். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வீரன் நின்றால் யாரைப் பதிவது? கண்ணாடியைப் பதிந்தால் வீரன் மறைவான். வீரனைப் பதிந்தால் கண்ணாடி இல்லை. இரண்டின் திசைகளையும் கலந்தால் எந்தப் பரப்புக்கும் பொருந்தாத திசைதான் மிஞ்சும். ஆகவே டிஃபர்டு விளையாட்டுகள் திடப்பொருள்களை முடித்துவிட்டு, கண்ணாடியையும் புகையையும் பழைய ஃபார்வர்டு முறையிலேயே, தொலைவில் இருப்பதிலிருந்து தொடங்கி மேலே பூசுகின்றன. அந்தப் பூச்சுக்குச் சில விளக்குகளை மட்டுமே கணக்கில் எடுத்தால், சுவர் சிவந்திருக்க, அதன் முன் மிதக்கும் புகை மங்கலாகவே தெரியும்.

விளிம்புகளின் கதையும் இதுவே. பொருளின் ஓரம் படிக்கட்டுபோல் பிசிறடிப்பதை ஃபார்வர்டு முறையில் ‘எம்எஸ்ஏஏ’ நுட்பம் சீராக்கும். ஒரு புள்ளிக்குள் நான்கு இடங்களில் எந்த முக்கோணம் தெரிகிறது என்று பார்த்து, ஒளியேற்றி முடித்த நிறங்களைச் சராசரியாக்கும். நிறத்தின் சராசரிக்குப் பொருள் உண்டு. ஆனால் ஜி-பஃபரில் இருப்பது இறுதி நிறம் அல்ல. 2 மீட்டரில் தூண், 50 மீட்டரில் மலை என்றால் சராசரி 26 மீட்டர். அங்கே எதுவுமே இல்லை! அந்த வெற்றிடத்துக்கு ஒளியேற்றினால் தூணின் ஓரத்தில் பொருந்தாத கோடு தெரியும்.

எனவே மாதிரிகளைத் தனித்தனியே வைத்து, ஒளியேற்றிய பின்னரே கலக்க வேண்டும். அதற்கு நினைவகம் வேண்டும். 1280×720 திரையில் 9,21,600 புள்ளிகள். புள்ளிக்கு 20 பைட், இரண்டு மாதிரிகள் என்றால் ஏறத்தாழ 3.7 கோடி பைட். பிளேஸ்டேஷன் 3-இன் வரைகலை நினைவகமே 256 மெகாபைட்தான். அதில் ஏழில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.

அதனால்தான் பல டிஃபர்டு விளையாட்டுகள், முடிந்த படத்தின் விளிம்புகளைத் தேடி மழுக்கும் ‘எஃப்எக்ஸ்ஏஏ’வையோ, முந்தைய சட்டகங்களைச் சேர்த்துக் கலக்கும் ‘டிஏஏ’வையோ நாடின. விரைந்து ஓடும் உருவத்துக்குப் பின்னால் நிழல்போல் ஒரு வால் தெரிந்தால், அது பெரும்பாலும் டிஏஏ விட்ட தடம்.

கண்ணருகே திரையை வைக்கும் விஆர் கருவிகளில் இந்த மங்கல் உறுத்தும். வால்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ‘தி லேப்’, ஃபார்வர்டு முறையையும் எம்எஸ்ஏஏவையும் தேர்ந்தது. அதே ஆண்டின் ‘டூம்’ காட்சியைச் சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு விளக்குப் பட்டியல் வைத்துக்கொண்டது. எனவே ஃபார்வர்டு முறையிலேயே பல விளக்குகள் சாத்தியமாயின. அதே பட்டியல் கண்ணாடிக்கும் ஒளி தந்தது.