வலிக்காத நேரத்தில் வேகும் கை

குளியலறைச் சுவருக்குப் பூச்சு வேலை செய்யும் ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை வேலை தொடங்குகிறது. ஒன்றுக்கு நான்கு கலவை. மூலை முடுக்கெல்லாம் கரண்டி எட்டாது, விரலால்தான் இழுத்துவிட வேண்டும். கையில் துணிக் கையுறை. பதினோரு மணிக்குள் சிமெண்ட் பால் அதில் ஊறிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் கரண்டி கழுவும் வாளியிலேயே கையையும் முக்கி எடுக்கிறார். அதே ஈரக் கையுறையோடு மாலைவரை வேலை. விரல் நுனி கொஞ்சம் வழவழவென்று இருக்கிறது, அவ்வளவுதான். எரிச்சல் இல்லை. ஆறு மணிக்கு வாரக் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இரவு பத்து மணிக்கு விரல்கள் எரியத் தொடங்குகின்றன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறார். ஞாயிறு காலை மூன்று விரல் நுனிகளில் சாம்பல் நிறத்தில் தோல் செத்திருக்கிறது, நடுவில் சிறுசிறு குழிகள். சோறு பிசைய முடியவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாமல் மேஸ்திரியிடம் சொன்னால், "சனிக்கிழமை நல்லாத்தானே போனீங்க? வீட்டுல எங்கயாவது சுட்டுக்கிட்டிருப்பீங்க" என்கிறார். இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை அல்ல. சிமெண்ட் புண் வரும் வழக்கமான வழி இதுதான். அதன் இரண்டு கேடுகளும் இதில் இருக்கின்றன: வலி தாமதமாக வருவதால் புண் ஆழமாகிறது, அதே தாமதத்தால் இழப்பீடு கேட்கும் உரிமையும் கைநழுவுகிறது.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோவது எல்லோருக்கும் தெரியும். சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் அந்தச் சுண்ணாம்புதான், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, கலவைக்குள் உண்டாகிறது. கூடவே சோடியம், பொட்டாசியம் காரங்களும் சிறிதளவு கரைந்து வருகின்றன. காரத்தன்மையை அளக்கும் பி.எச். அளவில் ஈரக் கலவை 12-லிருந்து 13 வரை நிற்கும். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5.5. இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், தோலுக்கும் கலவைக்கும் உள்ள தூரம் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். காய்ந்த சிமெண்ட் தூளும் ஆபத்தில்லாதது அல்ல. வியர்வையில் நனைந்தால் அதுவும் இதே காரம்தான்.

பிறகு ஏன் வலிப்பதில்லை? ஈரக் கலவை சூடாக இல்லை. கொதிக்கும் எண்ணெய் பட்டதும் கை தானாக விலகிக்கொள்வது சூட்டை உணரும் நரம்புகளால். குளிர்ந்த கலவை அந்த நரம்புகளை எழுப்புவதே இல்லை. அது மேல்தோலில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது, புரதத்தைக் கரைக்கிறது. மாலையில் விரல் வழவழத்ததே, அதற்குக் காரணம் இந்தச் சோப்பு. தன் தோலே கரைந்துகொண்டிருப்பதை அவர் கலவையின் வழவழப்பு என்று நினைத்திருப்பார். பெரும்பாலான அமிலங்கள் பட்ட இடத்தில் செத்த தோல் கெட்டிப்பட்டு, உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியல்ல, தோலை இளக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். பல வருடம் கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கையில் மேல்தோல் தடிப்பு அதிகம். அதைக் கடந்து நரம்பு இருக்கும் அடுக்கை எட்ட இன்னும் நேரமாகும். எட்டும்போது மேலே உள்ளதெல்லாம் ஏற்கெனவே வெந்திருக்கும். புண் மிக ஆழமாகப் போனால் நரம்பு முனைகளே செத்துவிடும், அப்போதும் வலிக்காது. ஆகவே வலியை வைத்துச் சிமெண்ட் புண்ணை எடைபோடக் கூடாது. கலவை தோலில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே சரியான அளவுகோல்.

நேரத்தை நீட்டிப்பவை நாம் பாதுகாப்பு என்று நம்பும் பொருள்களே. துணிக் கையுறை சிமெண்ட் பாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்து மணிக்கணக்கில் பிடித்துவைக்கும். வெறுங்கையில் பட்டிருந்தால் பாதியாவது உதிர்ந்திருக்கும். ரப்பர் கையுறைக்குள் மேற்புறமாக ஒழுகி இறங்கினாலும் அதே கதைதான். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், சித்தாள் பெண்களின் வளையல் ஆகியவற்றுக்கு அடியில் கலவை தங்கும். தளம் போடும்போது முழங்காலிட்டு மட்டம் பிடிப்பவர்களுக்குப் பேன்ட் துணி ஊறி முழங்காலும் கணுக்காலும் வேகும். கரண்டி கழுவும் வாளித் தண்ணீர் காலை பத்து மணிக்கே சுண்ணாம்புத் தண்ணீராகியிருக்கும். அதில் கை கழுவுவது இன்னொரு முறை கலவையில் கை வைப்பதே.

கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் காய்ந்த தூளைத் துணியால் தட்டிவிட வேண்டும். தூளின் மீது தண்ணீர் ஊற்றினால் புதிதாகக் காரம் ஊறும். அடுத்தது கையுறை, மோதிரம், வளையல், கயிறு, நனைந்த சட்டை எல்லாவற்றையும் கழற்றுவது. தயக்கம் வேண்டாம், கயிற்றை அறுத்தாவது எடுத்துவிடுங்கள். கை வீங்கத் தொடங்கினால் மோதிரத்தைக் கழற்றவே முடியாது. அதன்பின் ஓடும் தண்ணீர். பாத்திரத்தில் முக்குவது போதாது, கரைந்து வரும் காரம் கையைவிட்டு ஓடிப்போக வேண்டும். குறைந்தது 20 நிமிடம். தோல் சிவந்தோ எரிந்தோ இருந்தால் ஒரு மணி நேரம்கூட அதிகமில்லை. நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் மெல்ல ஓடவிட்டால் 20 நிமிடத்துக்கு 100 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம்மில் பாதி. குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் மக்கால் ஊற்றிக்கொண்டே இருக்க, அடிபட்டவர் விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு மடிப்பு என்று விரித்துக் காட்ட வேண்டும். வழவழப்பு நீங்கினால் நல்ல அறிகுறி. மருத்துவமனையில் பி.எச். தாளைத் தோலில் ஒற்றிப் பார்த்து உறுதிசெய்வார்கள். கழுவிச் சிறிது நேரம் கழித்து அடியிலிருந்து காரம் திரும்பவும் ஊறி வரலாம் என்பதால் மறுபடி பார்ப்பதும் உண்டு.

சுண்ணாம்புக்கு எலுமிச்சை மாற்று என்று சிலர் பிழிவார்கள். ஏற்கெனவே வெந்த தோலில் புளிப்பு ஊற்றுவது கழுவ வேண்டிய நேரத்தை வீணாக்கும், புண்ணையும் கூட்டும். துணி துவைக்கும் சோப்பும் காரம்தான், அதுவும் வேண்டாம். அந்தக் கொத்தனார் செய்ததுபோல் சரியாகக் கழுவாமல் எண்ணெய் தடவினால், உள்ளே மிச்சமிருக்கும் சிமெண்டை மூடிவைத்ததாகும். பற்பசை, மஞ்சள், மை எதையும் பூச வேண்டாம். டாக்டரால் புண்ணின் நிறத்தைப் பார்க்க முடியாமல் போகும், கிருமியும் சேரும். ஐஸ் வைக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகலாம். கண்ணில் தெறித்தால் இமையை விரித்து 20 முதல் 30 நிமிடம் கழுவியபடியே ஆளைக் கிளப்ப வேண்டும். அதில் காத்திருந்து பார்ப்பது பார்வைக்கே ஆபத்து.

சிவந்து மட்டும் இருந்து, இரண்டு நாளில் எரிச்சல் குறைந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் ஆறும்வரை கலவையில் கை வைக்கக் கூடாது. கொப்புளம், வெள்ளை அல்லது சாம்பல் அல்லது கறுப்பு நிறம், தொட்டால் உணர்ச்சியில்லாத இடம், மூட்டு மடியும் இடத்தில் புண், இவற்றில் எது இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு புண்ணுக்கும் போக வேண்டும். அங்கே டெட்டனஸ் ஊசி போடுவார்கள், செத்த தோலை நீக்கிக் கட்டுவார்கள். முழு ஆழத்துக்கு வெந்திருந்தால் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவைக்கும் அறுவை தேவைப்படும். அதைத் தள்ளிப்போட்டால் விரல் மடங்கியபடி இறுகிவிடக்கூடும். கொத்தனாருக்கு அது தொழிலையே இழப்பது.

இனி அந்தத் திங்கட்கிழமைப் பேச்சுக்கு வருவோம். வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. இப்போது அது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கிறது. காயத்தால் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், தற்காலிக முடக்கத்துக்கு ஒவ்வொரு அரை மாதத்துக்கும் மாதக் கூலியில் நான்கில் ஒரு பங்கு. மாதக் கூலி 15,000 ரூபாய் என்று கணக்கிட்டால் அது 3,750 ரூபாய். முடக்கம் 28 நாளுக்குக் குறைவாக இருந்தால் முதல் மூன்று நாள் கணக்கில் வராது. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவு இதற்குமேல் தனி. வேலையை மேஸ்திரி வழியாகச் செய்வித்தாலும், ஒப்பந்தம் எடுத்த பெரிய காண்டிராக்டர் பொறுப்பிலிருந்து எளிதில் விலக முடியாது.

சட்டம் இருந்தும் பலர் கேட்பதில்லை. கேட்பவர்களும் காயம் வேலையில்தான் வந்தது என்று காட்ட முடியாமல் திரும்புகிறார்கள். மாடியிலிருந்து விழுந்தால் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். சிமெண்ட் புண் சனிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெளிப்படுகிறது. ஆகையால் விரல் வழவழத்தபோதே, கையுறைக்குள் கலவை இறங்கிய அன்றே, மேஸ்திரியிடமும் கூட வேலை செய்யும் இருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். மேஸ்திரியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். கையை அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் படமெடுத்து வையுங்கள். புண் வளர்ந்த விதம், அது ஏறக்குறைய எப்போது தொடங்கியிருக்கும் என்று மதிப்பிட டாக்டருக்கு உதவும்.

மருத்துவமனையில் "கையில் புண்" என்று மட்டும் சொன்னால் ஓ.பி. சீட்டில் அதுதான் எழுதப்படும். "சனிக்கிழமை பூச்சு வேலை செய்யும்போது ஈர சிமெண்ட் கையில் பல மணி நேரம் பட்டது" என்று முழுதாகச் சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி, ஏ.ஆர். நகல் கேட்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால், கட்டட வேலைதான் உங்கள் தொழில் என்பதற்கு அது ஆதாரம்.

பேசித் தீராவிட்டால், மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் இழப்பீட்டு மனு எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்கலாம். காயம்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை ஏற்படுத்தித் தரும். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமானம் எவ்வளவு என்று பார்க்கப்படாமலே இந்த உதவியைப் பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். போகும்போது ஓ.பி. சீட்டு, ஏ.ஆர். நகல், கைப்பேசிப் படங்கள், கூலி வாங்கியதற்கான எந்தக் குறிப்பானாலும் சரி, கூட இருந்த இருவரின் பெயர், இவற்றை எடுத்துப் போக வேண்டும்.