வினாத்தாள் அச்சிட டாலர் இல்லை

2022 மார்ச்சில் இலங்கையின் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைத் தேர்வுகள் தள்ளிப்போயின. மழையோ வேலைநிறுத்தமோ காரணமில்லை. தாளும் மையும் தீர்ந்துவிட்டன. அவற்றை இறக்குமதி செய்ய அச்சகங்களுக்கு டாலர் கிடைக்கவில்லை. அதே நாட்களில் அரசின் செலவுக்கு மத்திய வங்கி ரூபாயை உருவாக்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ரூபாய்க்குக் குறைவில்லாத நாட்டில் வினாத்தாள் அச்சிட வழியில்லை.

அந்த ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களுக்குப் பணம் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. உள்நாட்டில் வாங்கிய ரூபாய்க் கடன்களை அந்த அறிவிப்பு தொடவில்லை. அவற்றுக்கு வட்டியும் அசலும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. கடன் வாங்கியது ஒரே அரசு. ஒரு கடனில் மட்டும் அது ஏன் திவாலானது?

நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் இது எளிதில் புரியும். அவசரத்துக்கு உறவினரிடம் ஐந்து பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைக்கிறோம். பிறகு அதை மீட்க முடியாமல் ஏலத்தில் போகிறது. அவர் கேட்பது நாம் அன்று பெற்ற பணத்தையல்ல, ஐந்து பவுனை. நமக்குச் சம்பளம் வருவது ரூபாயில். இடையில் பவுன் விலை இரண்டு மடங்கானால், புதிதாக ஒரு பைசா வாங்காமலே நம் கடனும் இரண்டு மடங்காகிவிடும். இலங்கை அரசுக்கு வரி வருவது ரூபாயில்; திருப்பித் தர வேண்டியதோ டாலரில்.

2022 மார்ச் தொடக்கம் வரை மத்திய வங்கி ஒரு டாலரைச் சுமார் 200 ரூபாயில் பிடித்துவைத்திருந்தது. மார்ச் 7-ஆம் தேதி அந்தப் பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது. 100 கோடி டாலர் கடனைக் கட்ட முன்பு 20,000 கோடி ரூபாய் வரிப்பணம் போதும். இப்போது அதே கடனுக்கு 36,000 கோடி வேண்டும். பெட்ரோல் இல்லாமல் கடைகளும் தொழில்களும் முடங்கி வரி வசூலே தடுமாறிய நேரத்தில் இந்தச் சுமையும் சேர்ந்தது. இது தற்செயல் அல்ல. ஒரு நாடு நொடிக்கும்போதுதான் அதன் நாணயமும் விழும். அந்நிய நாணயக் கடன் கனப்பது சரியாக அந்த நேரத்தில்தான்.

வரியை எப்படியோ வசூலித்துவிட்டாலும் வேலை பாதிதான் முடிகிறது. அந்த ரூபாயைக் கொடுத்து யாரிடமாவது டாலர் வாங்க வேண்டும். டாலர் வருவது தேயிலை, ஆயத்த ஆடை ஏற்றுமதியிலிருந்தும், சுற்றுலாப் பயணிகளிடமிருந்தும், வளைகுடாவில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்திலிருந்தும். கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது. வங்கி டாலருக்கு 200 ரூபாய் கொடுத்தபோது வெளியே உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2020-இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த அந்த வரவு, மறு ஆண்டில் சுமார் 550 கோடியாகச் சுருங்கியது. வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் நடுவே இடைவெளி அகலத் தொடங்குவதுதான் இத்தகைய நெருக்கடி வருவதைக் காட்டும் முதல் அடையாளம்.

ரூபாய்க் கடனில் இந்தச் சிக்கல் இல்லை. அரசு தன் கடன்பத்திரங்களை ஏலம் விடுகிறது. வாங்க ஆளில்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்தை அந்நாட்களில் மத்திய வங்கி வாங்கிக்கொள்ளும். கணக்கில் ரூபாயை வரவு வைத்தால் போதும். இப்படி ஒருவர் கடைசியில் நிற்கிறார் என்று தெரிந்ததாலேயே மற்றவர்களும் பதறி ஓடவில்லை. ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது யென்னில் வாங்கிய கடன் என்பதால் அங்கே யாரும் கையிருப்பை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

டாலர்க் கடனில் கடைசியாக நிற்பது கையிருப்பு மட்டும். 2019 முடிவில் இலங்கையிடம் சுமார் 760 கோடி டாலர் இருந்தது. அது கரையக் கரைய, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுக்க எவரும் முன்வரவில்லை. புதுக்கடன் கிடைக்காததால் கையிருப்பு இன்னும் வேகமாகக் கரைந்தது. துறைமுகத்தில் உணவுப்பொருள் கொள்கலன்களை விடுவிக்க வணிகர்கள் டாலருக்கு அலைந்துகொண்டிருந்தபோது, 2022 ஜனவரி 18-ஆம் தேதி முதிர்ந்த கடன்பத்திரத்துக்காக 50 கோடி டாலரை அரசு கட்டியது. மே மாதத்தில், கைவசம் பயன்படுத்தக்கூடியதாக 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

அப்படியானால் ஏன் டாலரில் கடன் வாங்க வேண்டும்? உள்நாட்டுச் சேமிப்பு சிறியது. அயல்நாட்டு முதலீட்டாளர்கள் இலங்கை ரூபாயை நம்பிக் கடன் கொடுக்கத் தயாரில்லை. இந்த நிலையைப் பொருளாதார அறிஞர்கள் பாரி ஐகன்கிரீனும் ரிக்கார்டோ ஹவுஸ்மனும் 1999-இல் ‘ஆதிப் பாவம்’ என்று குறிப்பிட்டார்கள். எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் வளரும் நாடுகள் பலவற்றை இது விடுவதில்லை என்பதால் அந்தப் பெயர். தவிர, டாலர்க் கடனின் வட்டி பார்வைக்குக் குறைவு. இலங்கை 2007-இல் 50 கோடி டாலரில் சர்வதேசக் கடன்பத்திரங்களைத் தொடங்கியது. திவாலானபோது அந்த வகைக் கடன் மட்டும் சுமார் 1,250 கோடி டாலர்.

சொந்த நாணயத்தில் கடன் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்பதும் முழு உண்மையில்லை. 1998-இல் ரஷ்யா தன் ரூபிள் கடனையே கட்டாமல் நிறுத்தியது. மத்திய வங்கி கொட்டிய ரூபாய்க்கு இலங்கை மக்களும் விலை கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடியிருந்தது. ரூபாய்ப் பத்திரம் வைத்திருந்தவருக்கு எண்ணிக்கை குறையாமல் பணம் வந்தது. அந்தப் பணம் வாங்கும் அரிசிதான் குறைந்தது. மறு ஆண்டு ஊழியர் சேமலாப நிதியும் தன் பத்திரங்களுக்குக் குறைந்த வட்டியை ஏற்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த இழப்பை யார்மீது, எவ்வளவு, எப்போது சுமத்துவது என்பதை நாட்டுக்குள்ளேயே முடிவுசெய்ய முடிந்தது. டாலர்ப் பத்திரங்கள் நியூயார்க் சட்டத்துக்கு உட்பட்டவை. அங்கே இலங்கை நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் செல்லாது; கடன் கொடுத்தவர்களோடு பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பேரம் 2024 டிசம்பர் வரை நீண்டது. பழைய பத்திரங்களுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. பொருளாதாரம் நன்றாக வளர்ந்தால் கூடுதலாகவும், தளர்ந்தால் குறைவாகவும் கட்டலாம் என்ற ஏற்பாடு அவற்றில் சிலவற்றில் உண்டு. அந்த வளர்ச்சியை அளப்பது டாலர் கணக்கில். எனவே ரூபாய் வலுப்பெற்றாலே, நாட்டில் ஒரு கிலோ தேயிலைகூடக் கூடுதலாக விளையாவிட்டாலும், உற்பத்தி பெருகியதாகக் கணக்கு காட்டும். புதிய பத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் கட்ட வேண்டியது டாலர்தான்.